முகம் வந்தது, நெற்றி வரவில்லை

2025 செப்டம்பரில் இந்தியா முழுக்க ஒரு புடவை அலை அடித்தது. கூகுளின் ஜெமினி செயலியில் தங்கள் செல்ஃபியைக் கொடுத்து, பழைய இந்திப் படக் கதாநாயகி போல ஷிஃபான் புடவையில் ஒரு படத்தை வாங்கி, பெண்கள் பலரும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் சாட்ஜிபிடி மூலம் ஜப்பானிய கார்ட்டூன் பாணிப் படங்கள் பரவியிருந்தன. நம் ஊர் ஸ்டூடியோக்களும் இப்போது கல்யாண ஆல்பம், அறுபதாம் கல்யாண பேனர், மறைந்தவர்களின் சட்டம் போட்ட படம் என்று எல்லாவற்றுக்கும் இந்த வழியைத் தேடுகின்றன. ஒரு நல்ல போட்டோ இருந்தால் போதும். மிச்சத்தை ஏஐ வரைந்துகொள்ளும் என்பது எண்ணம்.

முகம் பெரும்பாலும் சரியாகவே வருகிறது. கோளாறு நெற்றியிலும் தலையிலும்தான். திருநீறு பூசியவருக்கு வெறும் நெற்றி வருகிறது. பொட்டே வைக்காத இஸ்லாமியப் பெண்ணுக்குப் புடவையோடு சேர்ந்து பொட்டும் வந்துவிடுகிறது. சீக்கியரின் தலைப்பாகை ராஜஸ்தான் கல்யாண மாப்பிள்ளையின் பாகையாக மாறுகிறது. ஹிஜாபின் ஓரத்தில் முடிக்கற்றை எட்டிப்பார்க்கிறது. ஆளைப் பார்த்தால் அவரேதான், ஆனால் படத்தைப் பார்த்தால் அவரில்லை. இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், தடுக்கும் வழியும் தெரிந்துவிடும்.

ஆளை அறியும் எண்கள்

மூலப்படத்தில் இருக்கும் ஆளைப் புதுப்படத்தில் கொண்டுவரும் முறைகளில் ஒன்று, முகத்தை எண்களாக மாற்றுவது. 2024இல் வந்த இன்ஸ்டன்ட்ஐடி போன்ற திறந்த கருவிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன. முகம் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, சின்னதாக்கி, 512 எண்கள் கொண்ட ஒரு வரிசையாக மாற்றுகின்றன. இந்தத் துறையில் பரவலாகப் புழங்கும் ஆர்க்ஃபேஸ் முறையில் அந்த வெட்டிய முகத்தின் அளவு 112க்கு 112 புள்ளிகள்தான். ஆதார் அட்டைப் படத்தைவிடச் சின்னது என்று வைத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 35 புள்ளி இடைவெளி இருக்கும். தலைப்பாகையின் பெரும்பகுதி வெட்டும்போதே வெளியே போய்விடும். 8 மில்லிமீட்டர் அகலமுள்ள பொட்டு நாலைந்து புள்ளிகளாகச் சுருங்கிவிடும்.

அளவு மட்டும்தான் காரணம் என்றால் பெரிய படமாகக் கொடுத்துச் சரிசெய்துவிடலாம். இன்னொரு காரணம் ஆழமானது. இந்த எண்வரிசை முதலில் உருவாக்கப்பட்டது ஆளை அடையாளம் காண்பதற்காக. ஒருவர் இன்று கண்ணாடி போட்டிருந்தாலும், நாளை போடாவிட்டாலும், தாடி வளர்த்தாலும், வெளிச்சம் மாறினாலும், எண்கள் ஏறக்குறைய ஒன்றாகவே வரவேண்டும். அப்படி வரும்படிதான் லட்சக்கணக்கான முகங்களைக் காட்டி அதைப் பழக்குகிறார்கள். காலையில் குங்குமம் வைத்து, மாலையில் கழுவிவிட்ட பெண்ணும் ஒரே பெண்தானே? ஆகவே பொட்டு என்பது அந்த எண்வரிசைக்கு ஒதுக்கவேண்டிய தூசு. பொட்டைத் தவறவிடும் எண்வரிசை பழுதான ஒன்று இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் அர்த்தம்.

இதிலிருந்து ஒரு விளைவு வருகிறது. சில மென்பொருள்கள் வரைந்த படத்தையும் மூலப்படத்தையும் ஒப்பிட்டு, முகப் பொருத்தத்துக்கு மதிப்பெண் கொடுக்கும். நெற்றியில் இருந்த திருநீறு முழுதும் போன பிறகும் அந்த மதிப்பெண் உயரமாகவே இருக்கும். அந்த மதிப்பெண் நெற்றிக்குச் சாட்சி சொல்லாது.

ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற பெரிய செயலிகள் முழுப்படத்தையும் பார்த்து வரைகின்றன. உள்ளே நடப்பது எல்லாவற்றையும் அந்த நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. அவை பொட்டைப் பிடித்துவைப்பதில் எவ்வளவோ மேல். ஆனால் உடை, பாணி, காட்சி என்று நாம் கேட்கும் மாற்றம் கூடக்கூட, அவையும் வழுக்குகின்றன.

வெறும் இடத்தை நிரப்புவது யார்?

நெற்றியைப் பற்றி எண்வரிசை ஒன்றும் சொல்லவில்லை என்றால், அந்த இடத்தை ஏஐ மாடல் தன் பழக்கத்திலிருந்து நிரப்பும். இணையத்திலிருந்து திரட்டிய கோடிக்கணக்கான படங்களும் அவற்றின் பக்கத்தில் இருந்த விளக்க வரிகளும்தான் அந்தப் பழக்கம். புடவை என்ற சொல் வரும் படங்களில் பொட்டும் அதிகம் இருந்ததால், புடவை கேட்டால் பொட்டும் சேர்ந்து வருகிறது. 2023இல் ‘ரெஸ்ட் ஆஃப் வேர்ல்ட்’ இதழ் மிட்ஜர்னி மாடலிடம் ‘ஓர் இந்தியர்’ என்று மட்டும் சொல்லி நூறு படங்கள் வரையச் சொன்னது. வந்ததெல்லாம் பெரும்பாலும் தாடியும் தலைப்பாகையுமாக வயதான ஆண்கள்.

ஆகவே பிழை இரண்டு பக்கமும் நடக்கும். இருந்தது போவது ஒன்று, இல்லாதது வருவது இன்னொன்று. முதலாவதைப் பலரும் உடனே கவனித்துவிடுவார்கள். இரண்டாவது அழகாக இருப்பதால் தப்பிவிடுகிறது. ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் நிச்சயதார்த்தப் படத்தில் அம்மாவின் நெற்றியில் சிவப்பாக ஒரு வட்டம் வந்தால், படம் வரைந்தவருக்கு அது நன்றாகவே தெரியும். அந்த வீட்டாருக்கு அது வேறு யாரோ ஒருவரின் அம்மா.

‘பொட்டு வேண்டாம்’ என்று கட்டளையில் எழுதினால் போதாதா? சில மாடல்களில் அது எதிராகவே முடியும். கட்டளையில் இருக்கும் சொல்லைப் பிடித்துக்கொண்டு, ‘வேண்டாம்’ என்பதை விட்டுவிடும் பழக்கம் பழைய மாடல்களுக்கு அதிகம். அவற்றில் வேண்டாதவற்றை எழுதத் தனிப்பெட்டி இருக்கும். அதில்தான் `bindi` என்று எழுதவேண்டும். தனிப்பெட்டி இல்லாத இடத்தில், இல்லாததைச் சொல்லாமல் இருப்பதைச் சொல்வது மேல். நெற்றி வெறுமையாக, தோல் மட்டும் தெரிகிறது என்று எழுதலாம்.

ஒரு திருநீற்று நெற்றி

ஓர் எடுத்துக்காட்டை முழுதாகப் பார்ப்போம். அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு பெரியவரின் படம். போன் கேமராவில் இடுப்பளவு எடுத்தது. நெற்றியில் மூன்று பட்டையாகத் திருநீறு, நடுவில் சந்தனத்தின் மேல் குங்குமம். சாதாரண சட்டையில் இருப்பவரைப் பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு வரையவேண்டும்.

போன் எடுத்த படம் சுமார் 4,000 புள்ளி அகலம். மாடல் வேலை செய்வது பெரும்பாலும் 1,024 புள்ளி அகலத்தில். ஆகவே படம் முதலில் நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். இப்போது முகத்தின் அகலம் சுமார் 175 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். ஆணின் முகம் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலம் என்றால், ஒரு புள்ளி 0.8 மில்லிமீட்டர். விரலால் இழுத்த திருநீற்றுப் பட்டை ஒன்று 10 மில்லிமீட்டர், அதாவது 12 புள்ளி. இரண்டு பட்டைகளுக்கு நடுவே தோல் தெரியும் இடைவெளி 4 மில்லிமீட்டர், அதாவது 5 புள்ளி.

இதுவரை ஒன்றும் கெடவில்லை. கெடுவது அடுத்த படியில். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மாடல்கள் படத்தை அப்படியே கையாள்வதில்லை. 8க்கு 8 புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்தையும் நான்கு எண்களாகச் சுருக்கி வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. மொத்தத் தகவல் 48இல் ஒரு பங்காகக் குறைகிறது. கன்னம், சட்டை, சுவர் போன்ற பெரிய பரப்புகளுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. நம் பெரியவரின் நெற்றியிலோ ஒரு கட்டம் 8 புள்ளி, பட்டைகளின் இடைவெளி 5 புள்ளி. இடைவெளி ஒரு கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே மூன்று பட்டை இரண்டாகலாம், அல்லது நெற்றி முழுக்க வெளுப்பாக மங்கலாம். குங்குமம் 8 மில்லிமீட்டர் என்றால் ஒன்றிரண்டு கட்டம். அது வட்டமாக வருமா, துளியாக நீளுமா என்பது அதிர்ஷ்டம். நான்குக்குப் பதில் பதினாறு எண்கள் வைத்துக்கொள்ளும் புதிய மாடல்களில் இந்த நஷ்டம் குறைவு. ஆனால் குழுப்படத்தில் முகம் சின்னதானால் அங்கேயும் இதே கதைதான்.

தீர்வு கட்டத்தைச் சின்னதாக்குவது இல்லை, அது நம் கையில் இல்லை. நெற்றியைப் பெரிதாக்கலாம். உடையும் பின்னணியும் சரியாக வந்த படத்தை முதலில் முடித்துக்கொண்டு, முகமும் நெற்றியும் உள்ள பகுதியை மட்டும் தனியாக எடுத்து, முழு 1,024 புள்ளிக்கு விரித்து வரையவேண்டும். ஸ்டேபிள் டிஃப்யூஷனுக்கான பரவலான ஒரு திரையில் இதற்கு `Only masked` என்றே ஒரு தேர்வு இருக்கிறது. நாலு மடங்கு விரிந்ததும் இடைவெளி 20 புள்ளி, அதாவது இரண்டரைக் கட்டம். இப்போது மூன்று பட்டைகளும் தனித்தனியாக நிற்க இடம் இருக்கிறது. இந்தப் பகுதிக்குச் சுருங்கிய படத்தைக் கொடுக்கக்கூடாது. போனில் எடுத்த முதல் படத்திலிருந்து வெட்டிய நெற்றியைத்தான் கொடுக்கவேண்டும். அதில் திருநீற்றின் உண்மையான காய்ந்த வெடிப்பும் விரல்தடமும் இருக்கும். சுருக்கி விரித்ததில் அவை இருக்காது.

அடுத்தது `Denoising strength` என்ற திருகு. 0 என்றால் ஒன்றும் மாறாது, 1 என்றால் எல்லாவற்றையும் புதிதாக வரையும். பல திரைகளில் அது 0.75இல் நிற்கும். அந்த அளவில் நெற்றி மறுபடி கற்பனைதான். 0.3க்கும் 0.4க்கும் நடுவே வைத்தால், நிறமும் வெளிச்சமும் புதுப்படத்தோடு ஒட்டும், பட்டை இடம் மாறாது. சொல்லால் கட்டளை கொடுக்கும் செயலி என்றால், அடையாளத்தின் பெயரை மட்டும் சொல்லாமல் அதன் உருவத்தையும் எழுதவேண்டும்:

```
Keep the forehead exactly as in the photo: three separate
horizontal lines of white ash, one round red mark at the
centre. Do not add, move or restyle any mark.
```

இவ்வளவுக்கும் மசியாவிட்டால், பழைய வழி இருக்கிறது. மூலப்படத்தின் நெற்றியை ஃபோட்டோஷாப்பில் தனி லேயராக எடுத்து மேலே வைத்து, ஓரத்தை மென்மையாக்கி ஒட்டிவிடுவது. பத்து நிமிட வேலை. நம்பகமும் இதற்குத்தான் அதிகம்.

தலை திரும்பியிருந்தால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். நெற்றி வளைந்த பரப்பு. முகம் 45 டிகிரி திரும்பினால் வட்டப் பொட்டின் அகலம் பத்துக்கு ஏழாகக் குறுகவேண்டும், பட்டைகள் அப்பால் இருக்கும் பக்கத்தில் நீளம் குறையவேண்டும். திரும்பிய முகத்தில் முழு வட்டமாக ஒரு பொட்டு நின்றால், அது தோலில் இல்லை, கண்ணாடியில் ஒட்டியது போலத் தெரியும்.

நாமத்தில் பிழை இன்னும் நுட்பமானது. வடகலை நாமத்தின் வளைவு புருவங்களின் நடுவே முடிந்துவிடும். தென்கலை நாமத்துக்குப் பாதம் உண்டு, அது மூக்கின் மேல் இறங்கும். மாடலுக்கு இரண்டும் ஒன்றுதான். பல தடவை இரண்டும் இல்லாத தீச்சுடர் போன்ற ஒன்றை வரைந்துவிடும். காஞ்சிபுரத்தில் கோயில் யானைக்கு எந்த நாமம் என்பதற்கே வழக்குப் போட்ட ஊர் இது. மனிதர் நெற்றியில் அதை மாற்றிவைத்துவிட்டு ‘கிட்டத்தட்ட சரி’ என்று சொல்லிவிட முடியாது.

துணியின் கணக்கு

தலைப்பாகை பெரியது. சுருக்கத்தில் தொலையாது. அதன் சிக்கல் வேறு. மாடலுக்குத் துணியின் தோற்றம் தெரியும், கட்டும் வரிசை தெரியாது. சீக்கியரின் தஸ்தார் பல மீட்டர் நீளமுள்ள துணியை மடித்துச் சுற்றுவது. பரவலான பஞ்சாபிக் கட்டில், மடிப்புகள் இரண்டு பக்கமும் சரிந்து ஏறி, நெற்றியின் நடுவே ஒரு கோணத்தில் சந்திக்கும். அந்தக் கோணத்துக்குள் அடியில் கட்டிய சின்னத் துணி வேறு நிறத்தில் தெரிவதுண்டு. இடப்பக்க மடிப்பும் வலப்பக்க மடிப்பும் ஒன்றுபோல இருக்காது, கடைசிச் சுற்று ஒரு பக்கம்தான் முடியும்.

ஏஐ வரைந்ததைச் சோதிக்க ஒரு மடிப்பைக் கண்ணால் பின்தொடர்ந்து போங்கள். உண்மையான மடிப்பு எங்காவது பின்னால் சென்று மறையும். ஏஐயின் மடிப்பு நடுவழியில் இன்னொன்றில் கரைந்துவிடும், அல்லது கட்டுப்போட்ட தலையைப் போல வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். பிறகு இரண்டு பக்க மடிப்புகளையும் எண்ணி, மூலப்படத்தோடு ஒப்பிடுங்கள். நடுவில் பதக்கமோ மேலே இறகோ பின்னால் தொங்கும் வாலோ புதிதாக முளைத்திருந்தால், அது ராஜஸ்தான் கல்யாணத்திலிருந்து வந்தது. நிறமும் மாறக்கூடாது. மன்மோகன் சிங் என்றதும் வெளிர்நீலத் தலைப்பாகைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே தலையில் சிவப்பு வந்தால் ஆளே மாறிவிட்டது போலிருக்கும்.

மடிப்புகளைக் காப்பாற்றும் நல்ல வழி, தலையைத் தொடாமல் விடுவது. தலைப்பாகை, காது, தாடி எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரம் விட்டு மறைத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் மாற்றச் சொல்லவேண்டும். படம் முழுக்க ஓவியமாகவோ கார்ட்டூனாகவோ மாறவேண்டும் என்றால் இது முடியாது. அப்போது 2023இல் வந்த கண்ட்ரோல்நெட் உதவும். மூலப்படத்தின் கோடுகளை மட்டும் எடுத்து, அந்தக் கோடுகளின் மேல் வரையும்படி மாடலைக் கட்டிவைக்கும் முறை அது. காவலர், விமானி, கிரிக்கெட் வீரர் போன்ற வேடம் கேட்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். அந்தச் சொற்களோடு தொப்பியும் ஹெல்மெட்டும் சேர்ந்தே வரும், தலைப்பாகை போய்விடும்.

ஹிஜாபில் பார்க்கவேண்டியது ஓரம். நெற்றிக்கும் துணிக்கும் நடுவிலும் கன்னப்பொட்டிலும் முடி தெரிகிறதா, காது வெளியே வந்துவிட்டதா, துணியின் மேல் கம்மல் தொங்குகிறதா, கழுத்தும் துணியும் ஒன்றாக உருகிவிட்டதா என்று பாருங்கள். இரண்டு முடி தெரிந்தால் என்ன என்று வரைபவர் நினைக்கலாம். அந்தப் பெண் வெளியாருக்குக் காட்டாத ஒன்றை அவர் அனுமதியில்லாமல் காட்டியது போல அது ஆகிவிடும். மறைக்கும் மாஸ்க்கை முகத்தோடு நிறுத்தாமல், உள்தொப்பி, துணியின் ஓரம், ஊசி குத்திய இடம் எல்லாம் உள்ளே வரும்படி போடவேண்டும்.

இடமும் வலமும்

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மூலப்படத்தையே ஒரு தரம் சோதிக்கவேண்டும். சில போன்களில் செல்ஃபி கண்ணாடி பிம்பமாகவே சேமிக்கப்படும். அதில் முந்தானை வலது தோளுக்கும், தலைப்பாகையின் கடைசிச் சுற்று எதிர்ப்பக்கத்துக்கும் போய்விடும். படத்தில் எங்காவது எழுத்து இருந்தால் அது நேராக இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆண் சட்டையில் பொத்தான் எந்தப் பக்கம் என்றும் பார்க்கலாம். திரும்பியிருந்தால் நேராக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

பழைய கறுப்புவெள்ளைப் படத்துக்கு வண்ணம் ஏற்றும்போது இன்னொரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது. சிவப்பு அதில் ஏறக்குறையக் கறுப்பாகவே பதியும். ஆகவே கொள்ளுப்பாட்டி நெற்றியில் கறுப்பாகத் தெரியும் வட்டம் குங்குமமாகவும் இருக்கலாம், சாந்துப்பொட்டாகவும் இருக்கலாம். ஏஐ ஏதோ ஒரு நிறத்தைப் போட்டுவிடும், அது ஊகம்தான். தாத்தாவின் உருமாலுக்கும் இதே நிலைமை. பதில் படத்தில் இல்லை, வீட்டில் யாருக்காவது நினைவிருக்கவேண்டும்.

கொடுக்கும் முன்

முடிந்த படத்தையும் மூலப்படத்தையும் ஒரே அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலிருப்பதை மறைத்து மறைத்துக் காட்டினால், மாறிய இடம் தானே துள்ளிக்காட்டும். சந்தேகம் இருந்தால் அளக்கலாம். பெரியவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர். மூலப்படத்தில் பொட்டின் அகலம் இந்தத் தூரத்தில் ஏழில் ஒரு பங்கு என்றால், புதுப்படத்திலும் அதே ஏழில் ஒரு பங்காக இருக்கவேண்டும். நெற்றியில் அது நிற்கும் உயரத்தையும் இப்படியே அளக்கலாம்.

அளவெல்லாம் சரியாக இருந்தும் படம் தவறாக இருக்கலாம். போட்டோ எடுத்த அன்று கோயிலுக்குப் போய்வந்ததால் மட்டும் திருநீறு பூசியவர் இருப்பார். தினமும் வைக்கும் பொட்டை அன்று மறந்தவர் இருப்பார். மகனின் பேனருக்குப் பொட்டு வேண்டும் என்று கேட்கும் கைம்பெண் இருப்பார், வேண்டாம் என்பவரும் இருப்பார். ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே மூன்று கேள்விகளை எழுதிவைத்துக்கொள்வது நல்லது. நெற்றியில் என்ன, தலையில் என்ன, எந்தப் பக்கம். பதிலைச் சொல்லவேண்டியவர் படத்தில் இருப்பவர். அவர் இல்லையென்றால் அவர் வீட்டார். அந்தப் பதில் கையில் இருந்தால்தான், மாடல் சேர்த்ததும் விட்டதும் எது என்று வரைபவருக்கே தெரியும்.